சார்ட் அமைதியாக இருக்கிறது, லாட் மட்டும் திரும்பி வருகிறது: அறிகுறி வாரியாகப் பிழை தேடுதல்

உற்பத்திப் படிப்பில் கட்டுப்பாட்டு வரைபடம் ஒரு பாடம், மாதிரி ஆய்வு இன்னொரு பாடம். தேர்விலும் தனித்தனிக் கேள்விகளாகவே வரும். ஆனால் ஷாப் ஃப்ளோரில் இரண்டும் ஒரே பொருளைத்தான் பார்க்கின்றன. சார்ட் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று பார்க்கிறது, மாதிரி ஆய்வு லாட் கட்டி முடிந்தபின் வாசலில் நின்று பார்க்கிறது. இரண்டும் பிறந்த இடமும் ஒன்றே. 1924-ல் வால்டர் ஷூவார்ட் முதல் கட்டுப்பாட்டு வரைபடத்தை வரைந்த அதே பெல் தொலைபேசிக் குழுமத்தில்தான் ஹெரால்ட் டாட்ஜும் ஹாரி ரோமிக்கும் மாதிரி ஆய்வுத் திட்டங்களை உருவாக்கினார்கள்.

சார்ட் ஒன்று சொல்லி, ஆய்வு வேறொன்று சொன்னால் என்ன செய்வது? அந்த நேரத்தில் எங்கே கை வைக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். முதல் பகுதி மட்டும் எல்லோருக்கும். மற்றவற்றில் வரும் எண்கள் பெரும்பாலும் அதிலிருந்துதான் எடுத்தவை.

## அறிகுறி 1: எல்லாப் புள்ளிகளும் எல்லைக்குள், ஆனால் லாட் நிராகரிக்கப்படுகிறது

ஒரு சிஎன்சி லேத்தில் ஷாஃப்ட் கடைகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விட்டம் 20.00 மி.மீ., டாலரன்ஸ் இரு பக்கமும் 0.05. அதாவது 19.95-லிருந்து 20.05 வரை ஏற்கலாம். மணிக்கு ஒருமுறை தொடர்ச்சியாக 5 துண்டுகள் அளந்து, சராசரியையும் வீச்சையும் சார்ட்டில் குறிக்கிறார்கள். 25 துணைக்குழுக்கள் சேர்ந்தபின் எல்லைகள் போட்டாயிற்று.

```
X̿ = 20.022    R̄ = 0.035    n = 5
UCL = 20.022 + 0.577 × 0.035 = 20.042
LCL = 20.022 − 0.577 × 0.035 = 20.002
UCL(R) = 2.114 × 0.035 = 0.074
```

ஒரு புள்ளிகூட வெளியே இல்லை. தொடர் ஏற்றமோ இறக்கமோ இல்லை. சுவரில் மாட்டி வைக்கலாம் போன்ற சார்ட்.

மறுபக்கம், ஒவ்வொரு லாட்டிலும் 1000 துண்டுகள். பொது ஆய்வு நிலை இரண்டு, ஏற்கத்தக்க தர அளவான ஏக்யூஎல் 1.0. ஐஎஸ்ஓ 2859-1 அட்டவணையில் 501-லிருந்து 1200 வரையான லாட்டுக்கு ஜே என்ற எழுத்து வரும். அதன்படி 80 துண்டுகள் எடுத்துப் பார்க்க வேண்டும். குறையுள்ளவை 2 வரை இருந்தால் ஏற்பு, 3 வந்தால் நிராகரிப்பு. கடைசி 10 லாட்டுகளில் ஆய்வாளர் கண்ட குறைகள் இவை: 3, 1, 2, 4, 2, 5, 1, 3, 2, 2. நான்கு லாட்டுகள் திரும்பி வந்துவிட்டன.

உற்பத்திப் பிரிவு சார்ட்டைக் காட்டி "எங்கள் பக்கம் எல்லாம் சரி" என்கிறது. ஆய்வுப் பிரிவு துண்டுகளைக் காட்டுகிறது. இங்கே யாரும் பொய் சொல்லவில்லை.

முதலில் மைக்ரோமீட்டர். சண்டைக்கு முன்னால் இதைச் செய்யுங்கள். நிராகரித்த துண்டுகளில் ஐந்தை எடுத்து, லேத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மைக்ரோமீட்டராலும் ஆய்வு அறை மைக்ரோமீட்டராலும் அளந்து பாருங்கள். ஆய்வு அறைக் கருவி 5 மைக்ரான் கூடுதலாகக் காட்டினால் போதும், இந்த ஷாஃப்ட்டில் குறை என்று கணக்காகும் துண்டுகள் ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். இரண்டும் ஒத்துப்போனால் மேலே போகலாம். நம் கதையில் ஒத்துப்போகின்றன.

அடுத்து சராசரியை விட்டுவிட்டு மூல அளவுகளைப் பாருங்கள். சார்ட்டுக்குக் கீழே எழுதியிருக்கும் அந்த ஐந்து வரிகளை யாரும் திரும்பிப் படிப்பதில்லை. ஒரு துணைக்குழு இப்படி இருக்கிறது: 20.053, 20.018, 20.011, 20.027, 20.021. சராசரி 20.026, வீச்சு 0.042. இரண்டு சார்ட்டிலும் நடுவாந்திரமான புள்ளி. ஆனால் முதல் துண்டு 20.05-ஐத் தாண்டிவிட்டது. சராசரி அதை விழுங்கிவிட்டது. 125 அளவுகளையும் பார்த்தால் இப்படி நாலு துண்டுகள் கிடைக்கும். குறை சார்ட்டின் தாளிலேயே எழுதியிருந்தது, புள்ளியில்தான் தெரியவில்லை.

மாணவர்கள் சறுக்கும் இடமும் இதுதான். மேல் கட்டுப்பாட்டு எல்லை 20.042, டாலரன்ஸ் மேல் எல்லை 20.05. முன்னது பின்னதற்குள் அடங்கியிருப்பதைப் பார்த்து "நமக்கு இன்னும் 8 மைக்ரான் மிச்சம் இருக்கிறது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். 20.042 என்பது ஐந்து துண்டுகளின் சராசரிக்கான எல்லை. 20.05 தனித் துண்டுக்கான எல்லை. இரண்டையும் ஒப்பிடவே கூடாது. சராசரி சார்ட்டில் டாலரன்ஸ் கோட்டைச் சிவப்பு மையில் வரைந்து வைப்பவர்களும் உண்டு. பார்த்தால் முதல் வேலையாக அழிக்கச் சொல்லிவிடுங்கள்.

தனித் துண்டின் பரவலைக் கணக்கிடுங்கள். சார்ட்டில் இருக்கும் எண்களே போதும்.

```
σ = R̄ / d2 = 0.035 / 2.326 = 0.015
X̿ ± 3σ = 20.022 ± 0.045  →  19.977 … 20.067
z = (20.050 − 20.022) / 0.015 = 1.87
```

இயந்திரம் இயல்பாகவே 20.067 வரை துண்டு போடும். இயல்நிலைப் பரவல் அட்டவணையில் 1.87-க்கு மேல் இருக்கும் வால் பகுதி சுமார் 3.1%. கீழ்ப் பக்கம் குறையே இல்லை. இப்போது ஆய்வாளரின் ஏட்டுக்குப் போங்கள். 10 லாட்டுகளில் 800 துண்டுகள் பார்த்தார், 25 குறைகள் கண்டார். அதுவும் 3.1%. சார்ட்டும் ஆய்வும் முரண்படவே இல்லை, ஒரே எண்ணைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன.

இந்தப் பொருத்தம் அமையவில்லை என்றால், அதாவது ஆய்வில் வரும் குறை சார்ட்டின் கணிப்பைவிட மிக அதிகம் என்றால், லாட்டுக்குள் வேறு ஏதோ கலக்கிறது என்று பொருள். இரண்டாவது இயந்திரத்தின் துண்டுகளாக இருக்கலாம், அமைப்பு மாற்றத்துக்குப் பின் வந்த முதல் துண்டுகளாக இருக்கலாம், சார்ட் போடாத இரவு ஷிஃப்டாகவும் இருக்கலாம். அப்போது கணக்கை விட்டுவிட்டு லாட் எப்படிச் சேர்கிறது என்று பின்தொடர்ந்து போங்கள்.

மையம் ஏன் நகர்ந்தது? பரவலைக் குறை சொல்வதற்கு முன் இதைக் கேளுங்கள். 6σ என்பது 0.09, டாலரன்ஸ் அகலம் 0.10. பின்னதை முன்னதால் வகுத்தால் வரும் சிபி 1.11. தாராளம் என்று சொல்ல முடியாது, ஆனால் உள்ளே அடங்கும். மையம் நகர்ந்ததையும் கணக்கில் எடுக்கும் சிபிகே மட்டும் 0.62. இரண்டுக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி என்றால் இயந்திரம் மோசமில்லை, இடம் மாறி நிற்கிறது.

ஆபரேட்டரிடம் கேட்டால் காரணம் ஒரே வரியில் வந்துவிடும்: "பெருசா இருந்தா இன்னொரு கட் எடுத்துக்கலாம் சார், சின்னதா போச்சுன்னா ஸ்க்ராப்தான்." அவர் பார்வையில் அது நியாயம். அதனால் எப்போதும் கொஞ்சம் மேல் பக்கமாகவே ஓட்டுகிறார். அப்படி ஓட்டிய தரவை வைத்தே எல்லைகளைப் போட்டதால், 20.022 என்பதே "இயல்பு" என்று சார்ட் ஏற்றுக்கொண்டுவிட்டது. சார்ட்டுக்கு டாலரன்ஸ் தெரியாது. இயந்திரம் நேற்றுப் போலவே இன்றும் ஓடுகிறதா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

சரி செய்வது. ஆஃப்செட்டை 0.022 குறைத்து மையத்தை 20.000-க்குக் கொண்டுவந்தால், குறை 10,000-க்கு 9 என்ற அளவுக்கு இறங்கிவிடும். ஆபரேட்டரின் பயத்துக்கு மரியாதை கொடுத்து 20.005-ல் நிறுத்தினாலும் 10,000-க்கு 15 தான். அந்த நிலையில் 80 துண்டில் 3 குறை வருவது அபூர்வம். நான் இந்த இரண்டாவது வழியைத்தான் சொல்வேன். ஆபரேட்டர் நம்பாத மையம் ஒரு வாரத்தில் பழைய இடத்துக்கே போய்விடும்.

மையத்தை மாற்றியபின் பழைய எல்லைகள் செல்லாது. சார்ட்டில் மாற்றம் செய்த நேரத்தைக் குறித்து, புதிய மையத்தைச் சுற்றி 0.020 மேலும் கீழுமாகத் தற்காலிக எல்லை போட்டு, 20 அல்லது 25 துணைக்குழுக்கள் சேர்ந்ததும் மறுபடி கணக்கிடுங்கள். சிபியே ஒன்றுக்குக் கீழே இருந்தால் இந்த வைத்தியம் பலிக்காது. எங்கே நிறுத்தினாலும் ஒரு பக்கமாவது துண்டுகள் வெளியே போகும். அங்கே பரவலைத்தான் குறைக்க வேண்டும்.

## அறிகுறி 2: ஏக்யூஎல் 1.0-ல் தேறிய லாட்டில் வாடிக்கையாளர் 3% குறை காண்கிறார்

ஆய்வாளர் தூங்கிவிட்டார் என்ற சந்தேகம் உடனே எழும். பெரும்பாலும் அது தவறு. மேலே உள்ள அதே லாட்டை எடுத்துக்கொள்வோம். உண்மையான குறை 3.1%. 80 எடுத்து 2 வரை அனுமதிக்கும் திட்டத்தில் அது தேறுவதற்கான வாய்ப்பு 55%. நூறு லாட் அனுப்பினால் ஏறக்குறைய 55 தேறிவிடும். குறை p சதவீதம் இருந்தால் லாட் தேறும் வாய்ப்பு Pa எவ்வளவு என்று காட்டுவது ஓசி வளைவு. இந்தத் திட்டத்தின் வளைவில் சில புள்ளிகள்:

```
p = 1 %    Pa ≈ 95 %
p = 2 %    Pa ≈ 78 %
p = 3 %    Pa ≈ 57 %
p = 4 %    Pa ≈ 37 %
p = 5 %    Pa ≈ 23 %
```

முதல் வரியில் இருக்கிறது ஏக்யூஎல்-இன் பொருள். குறை 1% உள்ள லாட்டுகளைத் தொடர்ந்து அனுப்பும் சப்ளையருக்கு இந்தத் திட்டம் 95% தேர்ச்சி தருகிறது. அது சப்ளையருக்குக் கொடுத்த வாக்கு: "இந்த அளவில் இருந்தால் உன்னை வீணாகத் திருப்பி அனுப்ப மாட்டேன்." வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்கு அல்ல. வாடிக்கையாளருக்கான எண் வளைவின் மறுமுனையில் இருக்கிறது. 6.5% குறை இருந்தால்தான் தேறும் வாய்ப்பு 10%-க்கு இறங்குகிறது. ஏக்யூஎல் 1.0 என்ற பெயரைக் கேட்டு 1%-க்கு மேல் எதுவும் உள்ளே வராது என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

இங்கே சரிபார்க்க வேண்டியது ஆய்வாளரை அல்ல, திட்டத்தை. எந்த அளவு குறை வந்தால் 10-ல் 9 முறையாவது பிடிபட வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். உங்கள் திட்டத்தின் வளைவில் அந்தப் புள்ளி எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஒத்துவராவிட்டால் மாதிரியைப் பெரிதாக்க வேண்டும், ஆய்வு நிலையை உயர்த்தியோ வேறு திட்டம் தேர்ந்தோ.

மாதிரியின் அளவு என்றதும் ஒரு பழைய பழக்கம் நினைவுக்கு வருகிறது. "லாட்டில் பத்து சதவீதம் பாரு, ஒன்றுகூடக் குறை இருக்கக் கூடாது." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். 3% குறையுள்ள சரக்கில், 200 துண்டு லாட்டிலிருந்து 20 எடுத்தால் தேறும் வாய்ப்பு சுமார் 54%. அதே சரக்கை 1000 துண்டு லாட்டாகக் கட்டி 100 எடுத்தால் 5% கூட இல்லை. தரம் ஒன்று, விதி ஒன்று, முடிவு மட்டும் தலைகீழ். லாட் மாதிரியைவிடப் பல மடங்கு பெரியது என்றால், கண்டுபிடிக்கும் சக்தி எத்தனை துண்டு எடுத்தோம் என்பதில்தான் இருக்கிறது. அது லாட்டில் எத்தனை பங்கு என்பது கிட்டத்தட்டப் பொருட்டே இல்லை.

## அறிகுறி 3: நிராகரித்த லாட், மறுபடி எடுத்துப் பார்த்தால் தேறிவிடுகிறது

இது மர்மம் இல்லை, கணக்குதான். 3.1% லாட் முதல் முறை தேறும் வாய்ப்பு 55%. தேறாவிட்டால் இன்னொரு 80 எடுக்கலாம் என்று விட்டுவிட்டால், இரண்டில் ஒன்றிலாவது தேறும் வாய்ப்பு 80%. மூன்று முறை அனுமதித்தால் 91%. துண்டுகளைத் தொடவே இல்லை, தேர்ச்சி மட்டும் ஏறுகிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஆய்வு ஏட்டில் ஒரே லாட் எண்ணுக்கு இரண்டு பதிவுகள் இருந்து, இடையில் பொறுக்கிப் பிரித்ததற்கோ மறுவேலைக்கோ எந்தக் குறிப்பும் இல்லாவிட்டால் இதுதான் நடந்திருக்கிறது. இன்னும் நுட்பமான தடயம் ஒன்று உண்டு. முதல் பதிவே இல்லாமல் போவது. குறைகளின் எண்ணிக்கையைப் பட்டியலிட்டுப் பாருங்கள். 0, 1, 2 எல்லாம் தாராளமாக இருந்து, 2 மட்டும் அளவுக்கு மீறிக் குவிந்து, 3 என்ற எண் எங்கேயும் இல்லாவிட்டால் அங்கே யாரோ மூன்றாவது குறையை மன்னித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் ஒருமுறை அப்படி ஒரு ஏட்டைப் பார்த்தேன். முழுக்க 2. அந்த ஆய்வாளரைக் குறை சொல்லத் தோன்றவில்லை. 3 எழுதினால் அவர்தான் மூன்று பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

விதி எளிது. நிராகரித்த லாட்டை முழுவதும் பொறுக்கி, குறையுள்ளவற்றை நீக்கிய பின்போ சரிசெய்த பின்போதான் மறுபடி சமர்ப்பிக்க வேண்டும்.

இன்னொரு குறுக்குவழியும் கூட்டங்களில் எட்டிப் பார்க்கும்: "ஏக்யூஎல்-ஐ 2.5 ஆக்கிவிடலாமே." ஏற்பு எண் 2-லிருந்து 5 ஆகும். இதே 3.1% சரக்கு அப்போது 96% தேறும். நிராகரிப்பு மறைந்துவிடும், 20.053 மறையாது.

## அறிகுறி 4: மாதக்கணக்கில் பாதி லாட் தேறுகிறது, பாதி திரும்புகிறது, ஒன்றும் மாறவில்லை

அட்டவணையில் முதல் பக்கத்தை மட்டும் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் இல்லை. ஐஎஸ்ஓ 2859-1 ஒரு லாட்டை மட்டும் தீர்ப்பிட எழுதியது அல்ல, வரிசையாக வரும் லாட்டுகளுக்கானது. அதன் பல் இருப்பது மாற்று விதிகளில். அவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது, நாம் பார்த்தபடி, நாணயம் சுண்டுவது போன்ற ஒன்று.

விதி இது. இயல்பு ஆய்வில் தொடர்ச்சியான 5 அல்லது அதற்குக் குறைவான லாட்டுகளில் 2 நிராகரிக்கப்பட்டால் நெருக்கிய ஆய்வுக்குப் போக வேண்டும். நம் திட்டத்தில் அங்கேயும் 80 துண்டுதான், ஆனால் ஏற்பு எண் 1. தொடர்ந்து 5 லாட் தேறினால் இயல்புக்குத் திரும்பலாம். நெருக்கிய ஆய்வில் நிராகரிப்புகள் மொத்தம் 5 ஆகிவிட்டால் ஆய்வையே நிறுத்திவிட்டு, சப்ளையர் செயல்முறையைச் சரிசெய்யும் வரை காத்திருக்க வேண்டும். மறுசமர்ப்பிப்புகள் இந்தக் கணக்கில் வராது, முதல் ஆய்வு மட்டும்தான்.

நம் ஏட்டில் இதை ஓட்டிப் பார்ப்போம்: 3, 1, 2, 4, 2, 5, 1, 3, 2, 2. முதல் லாட் நிராகரிப்பு, நான்காவது நிராகரிப்பு. நாலு லாட்டுக்குள் இரண்டு. ஆகவே ஐந்தாவது லாட்டிலிருந்தே நெருக்கிய ஆய்வு தொடங்கியிருக்க வேண்டும். அங்கே 2 குறையும் நிராகரிப்பு. ஐந்தாவது போச்சு, ஆறாவது போச்சு. ஏழாவது 1, தேறியது. எட்டு, ஒன்பது, பத்து மூன்றும் போச்சு. பத்தாவது லாட்டில் ஐந்தாவது நிராகரிப்பு, ஆய்வு நிறுத்தம். விதியைப் பின்பற்றியிருந்தால் பத்து லாட்டுக்குள் எல்லோரும் லேத்தின் முன்னால் நின்று ஆஃப்செட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பின்பற்றாததால் ஆறு லாட் தேறியதாகக் கணக்கு.

தடயம் தேட ஆய்வு அறிக்கையின் படிவத்தைப் பார்த்தால் போதும். "இயல்பு / நெருக்கிய / தளர்ந்த" என்று குறிக்க ஒரு கட்டமே இல்லாத படிவம் என்றால் மாற்று விதி அங்கே நடைமுறையில் இல்லை.

## அறிகுறி 5: புள்ளிகள் எல்லாம் நடுக்கோட்டை ஒட்டிக்கொண்டே போகின்றன

பார்ப்பவர்கள் பாராட்டுவார்கள். நீங்கள் சந்தேகப்படுங்கள். இயல்பான சார்ட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் புள்ளிகள் நடுக்கோட்டிலிருந்து ஒரு சிக்மாவுக்கு அப்பால் விழ வேண்டும். தொடர்ந்து 15 புள்ளிகள் உள்ளேயே நின்றால் எல்லைகள் அகலமாகிவிட்டன என்று பொருள்.

பெரும்பாலும் குற்றவாளி துணைக்குழுவை எடுக்கும் முறை. நாலு கேவிட்டி உள்ள மோல்ட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஷாட்டிலும் நாலு துண்டு விழும், நாலையும் அப்படியே ஒரு துணைக்குழுவாக்குவது வசதி. ஆனால் கேவிட்டிகள் ஒன்றுபோல் இல்லை. நடுவிலிருந்து 0.03 குறைவு, 0.01 குறைவு, 0.01 கூடுதல், 0.03 கூடுதல் என்று நாலும் நாலு அளவு. ஒரு கேவிட்டிக்குள் ஷாட்டுக்கு ஷாட் வரும் மாற்றம் மட்டும் 0.006 சிக்மா.

இப்போது வீச்சு என்ன அளக்கிறது? முதல் கேவிட்டிக்கும் நான்காவதுக்கும் உள்ள நிரந்தர வித்தியாசத்தை. சராசரி வீச்சு 0.061 பக்கம் வரும், 0.729-ஆல் பெருக்கினால் எல்லை 0.044 மேலும் கீழும். ஆனால் நாலின் சராசரி உண்மையில் ஆடுவது 0.009-க்குள். எல்லை தேவைக்கு ஐந்து மடங்கு அகலம். வெப்பநிலை ஏறி எல்லாத் துண்டும் 0.02 பெருத்தாலும் இந்தச் சார்ட் வாய் திறக்காது.

உறுதி செய்ய மூல அளவுகளில் ஒவ்வொரு துணைக்குழுவின் மிகப்பெரிய எண்ணை வட்டமிடுங்கள். வட்டங்கள் எல்லாம் ஒரே நெடுவரிசையில் விழுந்தால் தீர்ந்தது. கேவிட்டிக்கு ஒரு சார்ட் போடுங்கள், அல்லது ஒரே கேவிட்டியின் தொடர்ச்சியான ஷாட்டுகளைத் துணைக்குழுவாக்குங்கள். துணைக்குழுவுக்குள் இருக்கும் மாற்றம் தற்செயலானதாக மட்டும் இருக்க வேண்டும். பல ஸ்பிண்டில், பல முனை இயந்திரங்களுக்கும் இதே கதை.

## அறிகுறி 6: சராசரிப் புள்ளிகள் மேலும் கீழும் பாய்கின்றன, வீச்சு மட்டும் அமைதி

ஆஃப்செட் பதிவேட்டை எடுங்கள். மணிக்கு ஒரு திருத்தம் இருந்தால் காரணம் கையில். ஆபரேட்டர் ஒவ்வொரு துணைக்குழுவின் சராசரியையும் பார்த்து, 8 மைக்ரான் கூட வந்தால் 8 குறைக்கிறார், அடுத்தது 6 குறைவாக வந்தால் 6 கூட்டுகிறார். அந்த 8-உம் 6-உம் வெறும் தற்செயல் ஆட்டம் என்றால், ஒவ்வொரு திருத்தமும் போன ஆட்டத்தை அடுத்த புள்ளியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. மாறுபாட்டு எண் இரட்டிப்பாகி, சராசரிகளின் திட்ட விலக்கம் 1.41 மடங்காகிறது. வீச்சு மட்டும் பாதிக்கப்படுவதில்லை. துணைக்குழுவின் ஐந்து துண்டுகளுக்கு நடுவே யாரும் கை வைப்பதில்லையே.

ஒரு ஷிஃப்ட் முழுக்க, புள்ளி எல்லையைத் தாண்டினால் தவிர ஆஃப்செட்டைத் தொட வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். ஆட்டம் அடங்கினால் திருத்தம்தான் நோய். அடங்காமல் ஒரே திசையில் மெல்ல ஏறினால் அது டூல் தேய்மானம். அங்கே திருத்தம் தேவைதான், ஆனால் புள்ளியைப் பார்த்து அல்ல. இத்தனை துண்டுக்கு இத்தனை மைக்ரான் என்று தேய்மான வேகத்தை அளந்து வைத்துச் செய்ய வேண்டும்.

## அறிகுறி 7: வீச்சுச் சார்ட்டில் இரண்டு மூன்று உயரங்களில் மட்டும் புள்ளிகள்

இதற்கு அதிகம் யோசிக்க வேண்டாம், அளவுகோல் முரடு. சிக்மா 0.004 உள்ள செயல்முறையை 0.01 மட்டும் காட்டும் மைக்ரோமீட்டரால் அளந்தால், ஐந்து துண்டின் வீச்சு மேல் எல்லை 0.020-க்குச் சற்றுக் கீழே வரும். அதற்குள் விழக்கூடிய மதிப்புகள் 0-உம் 0.01-உம்தான். 0.02 வந்தாலே எச்சரிக்கை மணி, காரணமே இல்லாமல். எல்லைக்குள் குறைந்தது ஐந்து வெவ்வேறு வீச்சு மதிப்புகளாவது வர இடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் மைக்ரான் காட்டும் கருவிக்கு மாறுங்கள். அதற்கு முன் படிவத்தையும் ஒரு பார்வை பாருங்கள். மைக்ரான் காட்டும் கருவி கையில் இருந்தும், எழுதும் கட்டத்தில் இரண்டு தசம இடமே அச்சிட்டிருப்பதால் எல்லோரும் முழுமையாக்கி எழுதிக்கொண்டிருப்பார்கள். நம் ஷாஃப்ட்டின் 20.053 அப்படிப்பட்ட தாளில் 20.05 ஆகி, நல்ல துண்டாகிவிடும்.